இழந்த விற்பனையும் நிலுவை ஆர்டரும்

இழந்த விற்பனை, நிலுவை ஆர்டர் என்பவை, வாடிக்கையாளர் கேட்ட பொருள் கையிருப்பில் இல்லாதபோது ஏற்படும் இருவேறு விளைவுகள் ஆகும். வாடிக்கையாளர் காத்திருக்க இசைந்து, சரக்கு வந்தபின் பெற்றுக்கொண்டால் அது நிலுவை ஆர்டர் எனப்படும். காத்திருக்காமல் வேறு கடைக்குச் சென்றாலோ, வாங்கும் எண்ணத்தையே கைவிட்டாலோ அது இழந்த விற்பனை எனப்படும். இரண்டிலும் கடையின் அலமாரி ஒரே மாதிரி காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு சரக்கு வாங்கி வைக்க வேண்டும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றல்ல. பற்றாக்குறையால் வரும் நட்டத்தை முடிவு செய்வது வாடிக்கையாளரின் நடத்தையே என்பதுதான் இதற்குக் காரணம்.

இக்கட்டுரை, விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள தாயில்பட்டியையும் அதைச் சூழ்ந்த சிவகாசி பட்டாசு வட்டாரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது. தீபாவளி என்ற ஒரே நாளை நோக்கி ஆண்டு முழுவதும் இயங்கும் தொழில் என்பதால், ஒரே பொருளுக்கு ஒரு மாதத்தில் காத்திருக்கும் வாடிக்கையாளரையும், வேறொரு மாதத்தில் காத்திருக்க முடியாத வாடிக்கையாளரையும் இங்கே காணலாம். கணக்கில் வரும் விலைகளும் எண்ணிக்கைகளும் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை.

ஏட்டில் பதிவாகும் விதம்

ஒரு மொத்த வியாபாரியிடம் ஒரு வகைப் புஸ்வாணம் தீர்ந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து 100 கேஸ் வந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் சில்லறைக் கடைக்காரர்கள் 60 கேஸ் கேட்டிருக்கிறார்கள். எப்போதும் மொத்தம் 150 கேஸ் கணக்கில் இருக்குமாறு பார்த்துக்கொள்வது அந்த வியாபாரியின் வழக்கம் என்று கொள்வோம். அவர் இப்போது இன்னும் எத்தனை கேஸ் ஆர்டர் செய்ய வேண்டும்?

60 கேஸ் கேட்டவர்கள் காத்திருந்தால், வரவிருக்கும் 100 கேஸில் 60 ஏற்கெனவே மற்றவர்களுக்குச் சேர வேண்டியது. புதிய தேவைக்கு மிஞ்சுவது 40 மட்டுமே. எனவே அவர் 110 கேஸ் ஆர்டர் செய்ய வேண்டும். கேட்டவர்கள் போய்விட்டால், வரும் 100 கேஸும் முழுமையாக அவருடையது. அப்போது 50 கேஸ் ஆர்டர் செய்தால் போதும்.

கையிருப்பு, வந்துகொண்டிருக்கும் சரக்கு ஆகிய இரண்டையும் கூட்டி, அதிலிருந்து நிலுவை ஆர்டரைக் கழித்தால் வருவது 'இருப்பு நிலை' எனப்படும். நிலுவை ஆர்டர் உள்ள வியாபாரத்தில் கையிருப்பு பூச்சியத்துக்குக் கீழேயும் செல்லலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது கழித்தல் 60 ஆகும். இழந்த விற்பனையில் கையிருப்பு பூச்சியத்தோடு நின்றுவிடும். போன வாடிக்கையாளருக்கு ஏட்டில் எந்த எண்ணும் இல்லை.

இந்த வேறுபாடு கணிதத்திலும் பெரிய விளைவை உண்டாக்குகிறது. வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது, சரக்கு எந்தெந்தத் தேதியில் வரும் என்று தனித்தனியாகப் பார்க்காமல், இருப்பு நிலை என்ற ஒரே எண்ணைக் கொண்டு ஆர்டர் அளவை முடிவு செய்யலாம். அவர்கள் காத்திருக்காதபோது இந்த எளிமை கிடைப்பதில்லை. நாளை வரும் 100 கேஸும், அடுத்த வாரம் வரும் 100 கேஸும் கூட்டலில் ஒன்றுதான் என்றாலும், அடுத்த வாரம் வரை நடுவில் வருவோரெல்லாம் கைவிட்டுப் போய்விடுவார்கள். சாமுவேல் கார்லின், ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் ஆகியோர் 1958இல் இதை ஆராய்ந்து காட்டினர். இழந்த விற்பனைக் கணக்கு இன்றும் இவ்விரண்டில் கடினமானதாகக் கருதப்படுகிறது.

பொருள் இல்லை என்றதும் வாடிக்கையாளர் செய்வது

'காத்திருப்பார்', 'போய்விடுவார்' என்ற இரண்டு மட்டுமே உண்மை நிலை அன்று. தாமஸ் குருவன், டேனியல் கோர்ஸ்டன், சுந்தர் பரத்வாஜ் ஆகியோர் 2002இல் பல நாடுகளின் சில்லறைக் கடைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையில், இந்த நடத்தை ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. தேடிய பொருள் கிடைக்காதபோது 31 விழுக்காட்டினர் அதையே வேறு கடையில் வாங்கினர். 26 விழுக்காட்டினர் அதே கடையில் வேறு நிறுவனத்தின் பொருளை வாங்கினர். 19 விழுக்காட்டினர் அதே நிறுவனத்தின் வேறு அளவையோ வகையையோ வாங்கினர். 15 விழுக்காட்டினர் வாங்குவதைத் தள்ளிப்போட்டனர். 9 விழுக்காட்டினர் வாங்கவே இல்லை.

இவ்வெண்கள் அன்றாடப் பொருள்களுக்கு உரியவை. பட்டாசுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆனால் இவற்றிலிருந்து ஒன்றைத் தெளிவாக உணரலாம். ஒரே செயல் கடைக்காரருக்கு ஒரு பொருளையும், தொழிற்சாலைக்கு வேறொரு பொருளையும் தருகிறது. தாயில்பட்டியில் செய்த கம்பி மத்தாப்பை மதுரையில் ஒரு கடையில் காணாமல், அடுத்த கடையில் வாங்கியவர் முதல் கடைக்காரருக்கு இழந்த விற்பனை. தொழிற்சாலைக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை. மாறாக, அதே கடையில் வேறு நிறுவனத்தின் மத்தாப்பை எடுத்துக்கொண்டவர் கடைக்கு இழப்பல்லர், தொழிற்சாலைக்குத்தான் இழப்பு. எனவே, 'விற்பனை இழந்தோம்' என்று சொல்லும்போது யாருடைய கணக்கில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பட்டாசு ஆண்டில் மாறும் வாடிக்கையாளர்

தீபாவளி முடிந்ததும் பட்டாசுத் தொழிற்சாலைகள் சில வாரங்கள் மூடப்பட்டு, மீண்டும் பூசை போட்டுத் திறக்கப்படுகின்றன. அதன்பின் அடுத்த தீபாவளிக்கான உற்பத்தி நடக்கிறது. வெளிமாநில வியாபாரிகள் ஏஜென்டுகள் வழியாக ஆர்டர் தருகிறார்கள். கோடையில் ஆர்டர் தரும் வட இந்திய வியாபாரிக்குச் சரக்கு ஆவணியில் வந்தாலும் போதும். அவர் ஒரு மாதம் காத்திருப்பதால் அவருடைய வியாபாரத்தில் ஒரு பெட்டியும் குறையாது. இந்தக் கட்டத்தில் பற்றாக்குறை என்பது பெரும்பாலும் நிலுவை ஆர்டர்தான்.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி வட்டாரக் கடைகளில் பூசை போட்டு அந்த ஆண்டின் தீபாவளி விற்பனையைத் தொடங்குவது வழக்கம். அப்போது இருவகை வாடிக்கையாளர் வருகிறார்கள். உள்ளூர்க்காரர், 'நாளை மறுநாள் வாங்க, வந்துவிடும்' என்றால் மறுபடி வருவார். திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வண்டி பிடித்து வந்தவர் வரமாட்டார். அவர் கையில் பட்டியல் இருக்கிறது. சாலையில் அடுத்தடுத்துக் கடைகள் இருக்கின்றன. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தாலும் அவர் இழந்த விற்பனைதான். மாதாமாதம் தீபாவளிச் சீட்டுக் கட்டிவருபவர் இதற்கு நேர்மாறானவர். அவருடைய பணம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டதால் அவர் காத்திருந்தே வாங்குவார்.

கடைசிக் கட்டம் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்கள். முந்தைய நாள் மாலையில் 'நாளை வாருங்கள்' என்பதற்குப் பொருளில்லை. அன்று எல்லா வாடிக்கையாளரும் காத்திருக்க முடியாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். காத்திருக்க இசைவோரின் பங்கு, நாள் நெருங்க நெருங்கக் குறைந்து பூச்சியமாகிறது. ஆகவே, ஆண்டுக்கு ஒரே பற்றாக்குறைச் செலவை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பருவத்தில் அது மிகையாகவும், மற்றொரு பருவத்தில் மிகக் குறைவாகவும் அமையும்.

கடைசி லோடு: ஒரு கணக்கு

ஓர் ஊரில் தற்காலிக உரிமம் பெற்ற பட்டாசுக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னர் கடைசி லோடு வருகிறது. அதில் எத்தனை கிஃப்ட் பாக்ஸ் எடுப்பது என்பதே கேள்வி. ஒரு பாக்ஸின் கொள்முதல் விலை 300 ரூபாய். விற்பனை விலை 420 ரூபாய். எனவே இலாபம் 120 ரூபாய். விற்காமல் மிஞ்சினால் மொத்த வியாபாரி 230 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்வார். எனவே மிஞ்சும் பாக்ஸ் ஒன்றுக்கு நட்டம் 70 ரூபாய்.

அந்த மூன்று நாள்களில் இருக்கக்கூடிய தேவையைக் கடைக்காரர் தம் அனுபவத்திலிருந்து இவ்வாறு மதிப்பிடுகிறார்:

| தேவை (பாக்ஸ்) | வாய்ப்பு | தேவை இவ்வளவோ, இதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு |
|---|---|---|
| 60 | 10% | 100% |
| 70 | 15% | 90% |
| 80 | 25% | 75% |
| 90 | 25% | 50% |
| 100 | 15% | 25% |
| 110 | 10% | 10% |

கணக்கின் வழி எளியது. ஏற்கெனவே எடுத்ததற்கு மேல் இன்னும் ஒரு பாக்ஸ் எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். அது விற்றால் ஒரு பற்றாக்குறை தவிர்க்கப்படுகிறது. விற்காவிட்டால் 70 ரூபாய் நட்டம். தவிர்க்கப்படும் பற்றாக்குறைச் செலவை விற்கும் வாய்ப்பால் பெருக்கி, மிஞ்சும் நட்டத்தை விற்காத வாய்ப்பால் பெருக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். முன்னது பெரியதாக இருக்கும்வரை எடுத்துக்கொண்டே போகலாம். இது 'செய்தித்தாள் விற்பவர் கணக்கு' என்று அழைக்கப்படுகிறது. இதன் கருத்தை 1888இல் எட்ஜ்வொர்த், வங்கி கையில் வைத்திருக்க வேண்டிய பணத்துக்குப் பயன்படுத்தினார். 1951இல் ஆரோ, ஹாரிஸ், மார்ஷக் ஆகியோர் எழுதிய கட்டுரை, இதைச் சரக்கு இருப்புக் கோட்பாட்டின் அடிப்படையாக்கியது.

மிஞ்சும் நட்டமான 70 ரூபாய் எல்லாச் சூழலிலும் ஒன்றுதான். பற்றாக்குறைச் செலவு மட்டும் வாடிக்கையாளரைப் பொறுத்து மாறுகிறது.

*வாடிக்கையாளர் காத்திருந்தால்:* கடைக்காரர் மறுநாள் தனியாக ஒரு வண்டி அனுப்பிக் குடோனிலிருந்து எடுத்துவருகிறார். அதற்கான கூடுதல் செலவும், காத்திருந்தவருக்குக் கொடுக்கும் சிறு தள்ளுபடியும் சேர்ந்து பாக்ஸுக்கு 30 ரூபாய் என்க. 71 முதல் 80 வரையான ஒவ்வொரு பாக்ஸுக்கும் விற்கும் வாய்ப்பு 75%. எனவே பயன் 22.50 ரூபாய்; நட்டம் 17.50 ரூபாய். 5 ரூபாய் நன்மை இருப்பதால் எடுக்கலாம். 81 முதல் 90 வரை வாய்ப்பு 50% மட்டுமே. பயன் 15 ரூபாய். நட்டம் 35 ரூபாய். இங்கே நிறுத்திவிட வேண்டும். விடை 80 பாக்ஸ்.

*அந்தப் பாக்ஸ் விற்பனை மட்டும் போனால்:* பற்றாக்குறைச் செலவு இலாபமான 120 ரூபாய். 81 முதல் 90 வரை, பயன் 60 ரூபாய், நட்டம் 35 ரூபாய், எடுக்கலாம். 91 முதல் 100 வரை, பயன் 30 ரூபாய், நட்டம் 52.50 ரூபாய், எடுக்கக் கூடாது. விடை 90 பாக்ஸ்.

*வாடிக்கையாளரே போய்விட்டால்:* கிஃப்ட் பாக்ஸ் தேடி வந்தவர் அதோடு கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், புஸ்வாணம் எல்லாவற்றையும் வாங்கியிருப்பார். அவர் அடுத்த கடைக்குப் போனால் அந்த இலாபமும் சேர்ந்து போகும். அது 130 ரூபாய் என்றால், பற்றாக்குறைச் செலவு 250 ரூபாய். 91 முதல் 100 வரை, பயன் 62.50 ரூபாய், நட்டம் 52.50 ரூபாய். எடுக்கலாம். 101 முதல் 110 வரை, பயன் 25 ரூபாய், நட்டம் 63 ரூபாய். விடை 100 பாக்ஸ்.

கடை, பொருள், விலை, தேவை எதுவும் மாறவில்லை. இல்லை என்று கேட்டதும் வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்பது மட்டும் மாறியதால் விடை 80, 90, 100 என்று மாறுகிறது.

தவறாகக் கணித்தால் எவ்வளவு நட்டம் என்பதையும் இதே அட்டவணையிலிருந்து காணலாம். காத்திருப்பார்கள் என்று நம்பி 80 எடுத்த கடையில் வந்தவர்கள் எல்லோரும் போய்விடுபவர்களாக இருந்தால், 100 எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடச் சராசரியாக 1,000 ரூபாய் குறையும். போய்விடுவார்கள் என்று அஞ்சி 100 எடுத்த கடையில் எல்லோரும் காத்திருப்பவர்களாக இருந்தால், 80 எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 650 ரூபாய் குறையும். இது ஒரே ஒரு வகைப் பொருளில் வரும் வேறுபாடு. ஒரு பட்டாசுக் கடையின் விலைப் பட்டியலில் பல பத்து வகைகள் இருக்கும்.

கலந்த நடத்தை

உண்மையில் எல்லோரும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பாக்ஸ் இல்லை என்று சொல்லப்பட்ட பத்துப் பேரில் நால்வர் காத்திருக்கிறார்கள். அவர்களால் ஆளுக்கு 30 ரூபாய் செலவு. மூவர் அதே கடையில் வேறு பாக்ஸ் வாங்குகிறார்கள். அதில் இலாபம் 80 ரூபாய் மட்டுமே என்பதால் ஆளுக்கு 40 ரூபாய் குறைகிறது. மூவர் போய்விடுகிறார்கள், ஆளுக்கு 250 ரூபாய் இழப்பு. மொத்தம் 120 + 120 + 750 = 990 ரூபாய். சராசரி 99 ரூபாய். இந்தச் செலவை வைத்து மேற்கண்ட முறையில் கணக்கிட்டால் விடை 90 பாக்ஸ் என்று வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது, போனவர்கள் பத்தில் மூவர்தான் என்றாலும் இழப்பில் முக்கால் பங்கு அவர்களால் வருகிறது என்பதே. 'பெரும்பாலானோர் காத்திருக்கிறார்கள் அல்லது வேறு எடுத்துக்கொள்கிறார்கள், கவலையில்லை' என்ற முடிவு எண்ணிக்கையில் சரி, பணத்தில் தவறு. வாடிக்கையாளரின் நடத்தையை அளக்கும்போது போனவர்களின் பங்கைத்தான் மிகக் கவனமாக அளக்க வேண்டும். ஆனால் அளப்பதற்கு மிகக் கடினமானதும் அதுவே.

ஏட்டில் விழாத தேவை

நிலுவை ஆர்டர் தன்னைத் தானே பதிவு செய்துகொள்கிறது. யார், எத்தனை கேட்டார், எப்போது தர வேண்டும் என்பது ஆர்டர் புத்தகத்தில் இருக்கும். இழந்த விற்பனை எந்தத் தடயமும் விடுவதில்லை. விற்பனை ஏடு எவ்வளவு விற்றது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு கேட்கப்பட்டது என்று சொல்லாது.

தீபாவளிக்கு முந்தைய நாள் ஒரு கடையில் பெரிய பாக்ஸ் 72 இருந்தது; மாலை 4 மணிக்குத் தீர்ந்துவிட்டது. ஏட்டில் '72 விற்பனை' என்று இருக்கிறது. அடுத்த ஆண்டு அதைப் பார்த்து 72 எடுத்தால், பற்றாக்குறையும் அதே நேரத்தில் திரும்ப வரும். கூட்டம் மிகுவது மாலையில் என்பதால், விடுபட்ட பகுதி சிறியதாக இராது.

இதை ஓரளவு மதிப்பிட ஒரு வழி உண்டு. அன்று தீராமல் இருந்த, அதே வகைப் பொருள் ஒன்றைப் பார்க்க வேண்டும். சிறிய பாக்ஸ் அன்று 100 விற்றது; அதில் 4 மணிக்கு முன் விற்றது 60. அதாவது நாள் விற்பனையில் 60% அந்நேரத்துக்குள் முடிந்தது. பெரிய பாக்ஸும் அதே போக்கில் போயிருக்கும் என்று கொண்டால், 72ஐ 0.6ஆல் வகுக்க 120 வரும். இதுவே முதல் மதிப்பீடு.

இந்த மதிப்பீட்டில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பெரிய பாக்ஸ் கிடைக்காதவர்களில் சிலர் சிறிய பாக்ஸை எடுத்திருப்பார்கள். அதனால் 4 மணிக்குப் பிந்தைய சிறிய பாக்ஸ் விற்பனை இயல்பைவிடக் கூடித் தெரியும். அப்படி மாறியவர்கள் 15 பேர் என்றால், சிறிய பாக்ஸின் உண்மையான தேவை 85. அதில் 60 என்பது ஏறத்தாழ 71%. இப்போது பெரிய பாக்ஸின் தேவை ஏறத்தாழ 102 ஆகிறது. மாற்றுப் பொருள் வாங்குவோரை மறந்தால், தீர்ந்துபோன பொருளின் தேவை மிகையாகத் தெரியும். கூடவே, மாற்றாக எடுக்கப்பட்ட பொருளின் தேவையும் மிகையாகத் தெரியும்.

அந்த 15 என்ற எண்ணை எங்கிருந்து பெறுவது? 'இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் கோடு போட்டு, பொருளின் பெயரையும் நேரத்தையும், வாடிக்கையாளர் காத்திருந்தாரா, மாற்று எடுத்தாரா, போனாரா என்பதையும் குறிப்பது ஒரு வழி. நெரிசலில் எல்லாவற்றையும் குறிக்க முடியாது. ஆனாலும் ஒரு மணி நேரம் மட்டும் ஒழுங்காகக் குறித்தால்கூடப் பங்கு தெரிந்துவிடும். கேட்காமலேயே அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இந்த நோட்டிலும் விழமாட்டார்கள். எனவே இது எப்போதும் குறைந்த அளவையே காட்டும்.

தொழிற்சாலையில் நிலுவை ஆர்டரின் எல்லை

காத்திருக்கும் வாடிக்கையாளர் என்பவர் எல்லையின்றிக் காத்திருப்பவர் அல்லர். அவருக்குச் சரக்கு சேர வேண்டிய கடைசி நாள் ஒன்று உண்டு. அந்த நாளைத் தாண்டினால் நிலுவை ஆர்டர் இழந்த விற்பனையாக மாறிவிடும்.

தாயில்பட்டி வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்கு 100 கேஸ் உற்பத்தி செய்கிறது. சரக்கு லாரியில் ஏற வேண்டிய கடைசி நாளுக்கு இன்னும் 25 வேலை நாள்கள் உள்ளன என்று கொள்வோம். அது ஏற்கக்கூடிய நிலுவை 2,500 கேஸ். அதற்கு மேல் ஏற்கும் ஒவ்வொரு ஆர்டரும் நிறைவேற்ற முடியாத வாக்குறுதி. அந்த 25 நாள்களில் 7 நாள்கள் மழை பெய்து வேலை நின்றால், செய்ய முடிவது 1,800 கேஸ். மீதி 700 கேஸ், நிலுவை என்ற பெயரில் ஏட்டில் இருந்தாலும், உண்மையில் இழந்துவிட்ட விற்பனை. அதைத் தாமதமாக அறிந்த வியாபாரிக்கு வேறிடத்தில் வாங்கவும் நேரம் இருக்காது.

வேறு தொழில்களில் நிலுவை கூடினால் இரவுபகலாக வேலை செய்து தீர்ப்பார்கள். பட்டாசில் அது முடியாது. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதை வெடிபொருள் விதிகளும் உரிமமும் வரையறுக்கின்றன. பட்டாசும் மருந்தும் காய்வதற்கு வெயில் வேண்டும். ஈரம் பட்ட மருந்து பயனற்றுப் போவதோடு ஆபத்தானதும் ஆகும். நிலுவையை முடிக்கும் அவசரத்தில் ஆள்களைக் கூட்டுவதும், உரிமமில்லாத வீடுகளுக்கு வேலையைப் பிரித்து விடுவதும் உயிர்களைப் பலிகொண்டதை இவ்வட்டாரம் அறியும். எனவே இங்கு நிலுவை ஆர்டரின் மேல் எல்லையை உற்பத்தித் திறனே வகுக்க வேண்டும். அதைத் தாண்டும் ஆர்டரை முன்னரே மறுப்பது கணக்கின்படியும் சரியானதே.

நிலுவைப் பட்டியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பற்றாக்குறை வரும் என்று அஞ்சும் வியாபாரி, தனக்கு வேண்டிய 100 கேஸை மூன்று தொழிற்சாலைகளில் தனித்தனியாக ஆர்டர் செய்யலாம். எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவார். மூன்று ஏடுகளிலும் சேர்த்து 300 கேஸ் நிலுவை தெரியும். உண்மைத் தேவை 100தான். முன்பணம் பெற்ற ஆர்டரையும் பெறாத ஆர்டரையும் தனித்தனியாக எழுதுவது இதனால்தான். முன்பணம் உள்ளது நிலுவை. இல்லாதது விருப்பம் மட்டுமே.

மிஞ்சும் சரக்கின் ஆபத்து

வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற அச்சம் இருப்பைக் கூட்டச் சொல்கிறது. தேவையே திடீரென்று நின்றுவிடக்கூடும் என்ற அச்சம் குறைக்கச் சொல்கிறது. பட்டாசில் இரண்டாவது அச்சத்துக்குத் தெளிவான முன்நிகழ்வு உண்டு. தில்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனை உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் நிறுத்திவைத்தது. 2017 செப்டம்பர் 12 அன்று அந்தத் தடை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. அக்டோபர் 9 அன்று, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், அம்மாத இறுதிவரை விற்பனை மீண்டும் நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட நான்கு வாரங்களில் கொள்முதல் செய்திருந்த வணிகர்கள் தளர்வு கேட்டனர், நீதிமன்றம் ஏற்கவில்லை. 2018 அக்டோபர் 23 தீர்ப்பும் தீபாவளிக்கு இரு வாரங்களுக்கு முன்னரே வந்தது. அது சரவெடியையும் பேரியம் உப்பு கலந்த பட்டாசையும் தடை செய்து, வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணியாகக் குறைத்தது.

இத்தகைய ஆபத்தை மேற்கண்ட கணக்கிலேயே சேர்க்கலாம். வாடிக்கையாளர்கள் போய்விடும் சூழலில் விடை 100 பாக்ஸாக இருந்தது. விற்பனை முற்றிலும் நின்றுவிட 20% வாய்ப்பு உண்டு என்று கொண்டால், 91 முதல் 100 வரையான பாக்ஸ் விற்கும் வாய்ப்பு 25%இலிருந்து 20% ஆகக் குறையும். பயன் 50 ரூபாய். நட்டம் 56 ரூபாய். விடை 90 பாக்ஸுக்குத் திரும்பிவிடும். தடை வந்தால் மொத்த வியாபாரியும் 230 ரூபாய்க்குத் திரும்ப எடுக்கமாட்டார் என்பதைச் சேர்த்தால் இன்னும் குறையும்.

வரம்புகள்

மேற்கண்ட கணக்கு, ஒரு பருவத்தின் கடைசி ஆர்டருக்கு உரியது. மிஞ்சியதை நாளை விற்கலாம் என்ற நிலையில் மிஞ்சும் நட்டம் 70 ரூபாயாக இருக்காது. ஒரு நாள் வைத்திருக்கும் செலவாக மட்டுமே இருக்கும். மேலும், கணக்கு சொல்லும் அளவை உரிமம் அனுமதிக்கும் அளவு தாண்டக் கூடாது. பட்டாசுக் கடையில் வைக்கக்கூடிய சரக்கின் எடைக்கு எல்லை உண்டு. எல்லா வகைகளையும் கூட்டி வைக்க இடமில்லாதபோது, யார் காத்திருக்கமாட்டாரோ அவர் தேடும் வகைக்கு முதலில் இடம் ஒதுக்கி, காத்திருப்பவர் வாங்கும் வகையைக் குடோனிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம். இழந்த விற்பனை நேரும் பொருள்களையும் நிலுவை ஆர்டராகும் பொருள்களையும் பிரித்து அறிவதன் நேரடிப் பயன் இதுவே ஆகும்.